சிங்கப்பூரில் குழந்தைக்குக் கை, கால், வாய்ப் புண் நோய் வந்தால்: முதல் காய்ச்சலிலிருந்து பள்ளிக்குத் திரும்பும் நாள் வரை

வேலைக்காகக் குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்து, குழந்தையைப் பாலர் பள்ளியிலோ குழந்தைப் பராமரிப்பு நிலையத்திலோ சேர்த்த முதல் ஆண்டிலேயே இந்த நோயைச் சந்திக்க வாய்ப்பு அதிகம். நோய் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். ஆனால் எந்தச் சான்றிதழ் வேண்டும், யார் விடுப்பு எடுப்பது, எப்போது பள்ளியில் மறுபடி சேர்ப்பார்கள் என்று தெரியாமல், நோயுற்ற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இங்கே மருந்தகம் என்று சொல்லப்படும் கிளினிக்குக்கும் பள்ளிக்கும் நாங்கள் அலைந்தோம். நீங்கள் அப்படி அலையக் கூடாது என்பதற்காகவே இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். காய்ச்சல் விட்டதும் குழந்தை திரும்பிவிடலாம் என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. மருத்துவ விடுப்புச் சான்றிதழின் நாட்கள் முடிந்திருக்க வேண்டும். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பள்ளி வாசல் திறக்கும். கீழே வரும் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றித்தான்.

1. முதல் இரண்டு நாட்கள்: பார்க்க வேண்டிய இடங்கள்

தொற்று ஏற்பட்டு மூன்றிலிருந்து ஆறு நாட்களில் அறிகுறி தொடங்கும். முதலில் வருவது வெறும் காய்ச்சலும் சோர்வும்தான். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வாய்க்குள் புண்கள் வரும். உள்ளங்கை, உள்ளங்கால், புட்டம், சில குழந்தைகளுக்கு முழங்கால், முழங்கை, வாயைச் சுற்றிய தோல் ஆகிய இடங்களில் சிவந்த புள்ளிகளோ சிறு கொப்புளங்களோ தோன்றும். பேசத் தெரியாத குழந்தை வலியைச் சொல்லாது. பசியோடு பால் புட்டியைப் பிடுங்கி வாயில் வைத்துவிட்டு, உடனே வீறிட்டுத் தள்ளிவிடும். எச்சில் வழக்கத்தைவிட அதிகமாக ஒழுகும். இதைக் கண்டால் கைபேசி விளக்கை அடித்து, மேலண்ணத்தின் பின்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பாருங்கள்.

நம் வீடுகளில் உடம்பில் புள்ளி தெரிந்ததும் அம்மை என்று முடிவுகட்டி, வேப்பிலையை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பது உண்டு. சின்னம்மைக் கொப்புளங்கள் பெரும்பாலும் மார்பு, முதுகு, முகம் என்று தொடங்கிப் பரவி நன்றாக அரிக்கும். இந்த நோயில் கை, கால், வாய்தான் முதன்மை, அரிப்பு குறைவு. எதுவாக இருந்தாலும் இங்கே மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். குழந்தைகள் கூடும் இடங்களில் இது எளிதில் பரவும். அதனால்தான் பாலர் பள்ளிகளில் காலையில் குழந்தையின் வெப்பநிலையோடு கையையும் வாயையும் பார்க்கிறார்கள்.

2. மருந்தகத்தில் என்ன கேட்டு வாங்க வேண்டும்

பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. மருத்துவர் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். இது வைரஸ் நோய் என்பதால் ஆன்டிபயாட்டிக் கொடுப்பதில் பயனில்லை. ஆகவே அருகிலுள்ள குடும்ப மருத்துவரே போதும். குழந்தை நல நிபுணரிடம் போனால் பில்தான் பெரிதாகும். அரசின் பலதுறை மருந்தகத்தில் மானியக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் வந்தவர்களின் குழந்தைகளுக்கு முழுக் கட்டணம் என்பதால், அங்கே முன்பதிவுக்குக் காத்திருப்பதால் நமக்குப் பெரிய லாபமில்லை. நிறுவனத்தின் மருத்துவக் காப்புறுதி குழந்தையையும் உள்ளடக்குகிறதா, எந்த மருந்தகங்கள் அதன் பட்டியலில் உள்ளன என்பதைக் குழந்தை நலமாக இருக்கும்போதே மனிதவளப் பிரிவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் மருந்தகங்கள் பலவற்றில் கூடுதல் கட்டணம் உண்டு.

கையில் இருக்க வேண்டியவை: குழந்தையின் அனுமதி அட்டை அல்லது அதன் அடையாள எண், தடுப்பூசிப் பதிவேடு, ஒவ்வாமை இருந்தால் அதன் விவரம், கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற குறிப்பு.

சான்றிதழில், அதாவது எல்லாரும் சொல்லும் எம்சியில், மூன்று விஷயங்களை அங்கேயே நின்று சரிபாருங்கள். பெயர் பள்ளிப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும்; தந்தை பெயரைப் பின்னால் சேர்த்து எழுதும் நம் வழக்கத்தால் இது அடிக்கடி குழம்புகிறது. தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெளிவாக இருக்க வேண்டும். நோயின் பெயர் சான்றிதழிலோ தனிக் குறிப்பிலோ இருக்க வேண்டும், ஏனென்றால் பல பள்ளிகள் அதைக் கேட்கின்றன. இணைப்பாகக் குறுஞ்செய்தியில் வந்தால் உடனே கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு ஒன்று, தாயின் அலுவலகத்துக்கு ஒன்று, தந்தையின் அலுவலகத்துக்கு ஒன்று என்று அது மூன்று இடத்துக்குப் போக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புள்ளிகள் தோன்றுவதற்கு முன், வெறும் காய்ச்சலோடு போனால் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று எழுதி இரண்டு நாள் எம்சி கொடுப்பார்கள். அதில் மருத்துவரின் தவறு எதுவும் இல்லை. அன்று பார்க்க வேறொன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்த எம்சி முடிந்ததும் புள்ளிகளோடு குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். புண்ணோ புள்ளியோ தெரிந்த அன்றே மறுபடி மருந்தகம் போய்ப் புதிய எம்சி வாங்கிவிடுங்கள்.

3. பள்ளிக்கு அன்றே சொல்லுங்கள்

மருந்தகத்திலிருந்தே பள்ளிக்குச் செய்தி அனுப்புங்கள்: நோயின் பெயர், காய்ச்சல் தொடங்கிய நாள், குழந்தை கடைசியாகப் பள்ளியில் இருந்த நாள், எம்சியின் படம். அதை வைத்துத்தான் அவர்கள் வகுப்பறையைக் கிருமிநீக்கம் செய்து மற்றப் பெற்றோருக்கு அறிவிப்பார்கள். மறைப்பதால் நாள் மிச்சமாகாது. தொற்று விடாமல் பரவினால் பள்ளியையே சில நாட்கள் மூட நேரிடலாம். அப்போது குணமான குழந்தையும் சேர்ந்து வீட்டில் இருக்க வேண்டிவரும்.

அதே செய்தியில் மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள். திரும்பும்போது ‘பள்ளிக்கு வரத் தகுதி’ என்று மருத்துவர் கடிதம் வேண்டுமா? அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் இருந்தால் அவர்கள் வரலாமா? வராத நாட்களுக்குக் கட்டணம் கழிப்பீர்களா? முதல் இரண்டுக்கும் பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

4. விடுப்புக் கணக்கு

புதிதாக வந்தவர்களை நோயைவிட அதிகமாகத் திணறடிப்பது இதுதான். குழந்தையின் எம்சி குழந்தைக்குத்தான். அதைக் காட்டி உங்கள் சொந்த மருத்துவ விடுப்பை எடுக்க முடியாது. உங்களுக்கு உள்ளது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. குழந்தை ஏழு வயதுக்குட்பட்ட சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருந்தால் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 6 நாள். குடியுரிமை இல்லாத குழந்தை என்றால், வேலைவாய்ப்புச் சட்டத்தின்கீழ் வருபவர்களுக்கு ஆண்டுக்கு 2 நாள்தான். இரண்டுக்குமே அந்த நிறுவனத்தில் மூன்று மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். ஆக, வேலையில் சேர்ந்த புதிதில் நோய் வந்தால் அதுவும் கைகொடுக்காது.

ஒரு குழந்தையின் நாட்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதன் இரவு காய்ச்சல். வியாழன் காலை மருந்தகம். வியாழன், வெள்ளி இரண்டு நாளுக்கு எம்சி. சனிக்கிழமை காலை வாயில் புண், உள்ளங்காலில் புள்ளிகள். சனி மதியத்துக்குள் மறுபடி மருந்தகம் போகிறீர்கள், நோய் உறுதியாகிறது, சனி முதல் அடுத்த வெள்ளி வரை ஏழு நாள் எம்சி கிடைக்கிறது. வார இறுதி நாட்களும் அந்த ஏழில் அடங்கும். வெள்ளிக்கிழமை பார்த்தால் எல்லாம் காய்ந்திருக்கிறது; திங்கட்கிழமை பள்ளி.

இதில் வீட்டில் ஆள் தேவைப்பட்ட வேலை நாட்கள் ஏழு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்றால், இருவரின் விடுப்பும் சேர்ந்து நான்கு நாள்தான். மீதி மூன்று நாளுக்கு ஆண்டு விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ சம்பளமில்லா விடுப்போ பார்க்க வேண்டும். அந்த நான்கு நாளும் அந்த ஆண்டு முழுமைக்குமானது. சளி, வயிற்றுப்போக்கு, பள்ளி மூடும் நாட்கள் எல்லாம் இன்னும் இருக்கின்றன. ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி உள்ளவர் முதல் இரண்டு நாட்களைத் தவிர்த்துவிட்டு, குழந்தை ஓரளவு தெளிந்த பின்வரும் நாட்களை எடுத்துக்கொள்வது நல்லது. வாய்ப்புண் உச்சத்தில் இருக்கும்போது குழந்தையை மடியைவிட்டு இறக்க முடியாது, மடிக்கணினியை மறந்துவிடுங்கள்.

5. வீட்டில்: வலி, காய்ச்சல், சாப்பாடு

மருந்தில் முதலில் பார்க்க வேண்டியது புட்டியில் எழுதியுள்ள வீரியம். பாரசிட்டமால் எடைக்கு ஏற்றபடி கொடுக்கப்படும் மருந்து. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளை 150 மில்லிகிராம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 3 மில்லி. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதில் ஏறக்குறைய 6 மில்லி. ஊரிலிருந்து கொண்டுவந்த சொட்டு மருந்துப் புட்டியில் பெரும்பாலும் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றரை மில்லி போதும். சிரப்பின் அளவான ஆறு மில்லியைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். மருத்துவர் சொன்ன மில்லி எந்தப் புட்டிக்கோ அந்தப் புட்டியை மட்டும் பயன்படுத்துங்கள். மற்றதைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.

டெங்கி உள்ள ஊர் இது. மருத்துவர் சொல்லாமல் ஐபுபுரூஃபன் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வாய்ப்புண்ணுக்குத் தேன் தடவச் சொல்லி ஊரிலிருந்து யோசனை வரும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது, அதனால் உயிருக்கே ஆபத்தான நச்சுநோய் வரலாம். மரத்துப்போகச் செய்யும் வாய்க் களிம்புகளையும் சிறு குழந்தைகளுக்கு நீங்களாக வாங்கித் தடவாதீர்கள்.

இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பாதகமில்லை, நீர்தான் முக்கியம். மருந்து கொடுத்த அரை மணி கழித்து வலி குறைந்திருக்கும் நேரத்தில் குளிர்ந்த பால், இளநீர், தயிரில் குழைத்த சாதம், ஆறிய கூழ் என்று வயதுக்கேற்பக் கொடுங்கள். புட்டியை உறிஞ்ச மறுத்தால் சிறு கரண்டியால் கொடுத்துப் பாருங்கள். ரசம், எலுமிச்சை, ஆரஞ்சு, சூடானவை எல்லாம் புண்ணில் பட்டு எரியும். ஒருமுறை எரிந்தால் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வாயைத் திறக்க மாட்டார்கள்.

6. மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்

இந்த நோயை உண்டாக்கும் வைரஸ்களில் என்டெரோவைரஸ் 71 என்ற வகை அரிதாக மூளையையும் இதயத்தையும் தாக்கும். புள்ளிகள் குறைவாக இருப்பதால் நோய் லேசானது என்று எண்ண வேண்டாம். தூங்கத் தொடங்கும்போது கைகால் திடீர் திடீரெனத் தூக்கிப்போடுவது, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், நடையில் தள்ளாட்டம், திரும்பத் திரும்ப வாந்தி, வேகமான மூச்சு, வலிப்பு, மூன்று நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலிப்போ மூச்சுத் திணறலோ என்றால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள். தூக்கிப்போடுவதை முடிந்தால் கைபேசியில் காணொளியாக எடுங்கள். மருத்துவமனையில் அது நின்றுபோயிருந்தாலும் மருத்துவரிடம் காட்டலாம்.

7. தனிமைப்படுத்துதலும் சுத்தமும்

எம்சி நாட்களில் குழந்தை விளையாட்டு மைதானம், நீச்சல் குளம், கடைத்தொகுதி, நூலகம் எங்கும் போகக் கூடாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் ஒரே கூடத்தில்தான் இருப்போம். முழுத் தனிமை நடக்காத காரியம். ஆனால் தம்ளர், கரண்டி, துண்டு, பல் தூரிகை ஆகியவற்றைப் பிரித்து வைக்கலாம். உடன்பிறப்புகளை முத்தமிடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

வைரஸ் எச்சிலிலும் கொப்புள நீரிலும் மலத்திலும் இருக்கிறது. கைத்தூய்மி இந்த வகை வைரஸுக்கு அவ்வளவாகப் பலிக்காது. அணையாடை மாற்றிய ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பொம்மை, கதவுப்பிடி, அணையாடை மாற்றும் விரிப்பு ஆகியவற்றை முதலில் சோப்பு நீரில் துடைத்துவிட்டு, பிறகு வெளுப்பான் கரைசல்: 5 விழுக்காட்டு வீட்டு வெளுப்பான் 20 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர். பத்து நிமிடம் ஊறவிட்டு, வாயில் வைக்கும் பொருளை நல்ல தண்ணீரில் அலசுங்கள். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். கழிப்பறை அமிலத்தோடு அது சேரவே கூடாது. நச்சு வாயு வரும்.

பெரியவர்களுக்கும் இது வரும். வீட்டில் பிரசவத் தேதி நெருங்கிய கர்ப்பிணி இருந்தால், அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

8. திரும்பும் நாளை முடிவுசெய்வது

எம்சி முடியும் நாளுக்கு முந்தைய மாலை, நல்ல வெளிச்சத்தில் குழந்தையை முழுதாகப் பாருங்கள்: விரல் இடுக்கு, உள்ளங்கால், அணையாடைக்குள், வாய். காய்ந்த கொப்புளம் தட்டையாக, பழுப்பாக, தொட்டால் ஈரமில்லாமல் இருக்கும். நீர் கோத்துப் பளபளப்பாக ஒன்று இருந்தாலும் காயவில்லை என்றே பொருள். மருந்தகம் போய் எம்சியை நீட்டித்துக்கொள்ளுங்கள். மருந்தில்லாமல் ஒரு நாள் முழுவதும் காய்ச்சல் இல்லை, வழக்கம்போல் சாப்பிடுகிறது என்பதும் வேண்டும். காலையில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினால் மதியத்துக்குள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்துவிடும். மற்றக் குழந்தைகளுக்கும் அது தீங்கு.

பள்ளி கடிதம் கேட்டிருந்தால், அதற்கும் ஒரு வருகைக் கட்டணம் ஆகும். திங்கட்கிழமை திரும்புவதென்றால் சனிக்கிழமை காலையே வாங்கிவிடுங்கள். திங்கள் காலை மருந்தக வரிசையில் நின்றால் அரை நாள் விடுப்பு போய்விடும். மருத்துவர் தகுதி என்று எழுதிய பிறகும் பள்ளி பழைய தழும்பைப் பார்த்துத் தயங்கினால், கடிதத்தைக் காட்டி முதல்வரிடம் பேசுங்கள். பழுப்புத் தழும்பு தொற்றாது.

குழந்தை திரும்பிய பிறகும் மலத்தில் வைரஸ் பல வாரம் இருக்கும். அதற்காக வீட்டில் வைத்திருக்கச் சொல்வதில்லை. கை கழுவும் ஒழுங்கைத்தான் விடக் கூடாது. காக்ஸாக்கி ஏ6 என்ற வைரஸ் வகையால் நோய் வந்திருந்தால் சில வாரம் கழித்து விரல் நுனித் தோல் உரியலாம், நகங்கள் கழன்று விழலாம். பார்க்கப் பயமாக இருக்கும். வலிக்காது, நகம் திரும்ப வளரும், விடுப்பும் தேவையில்லை. ஒருமுறை வந்தவர்களுக்கு வேறு வகை வைரஸால் மறுபடியும் வரலாம் என்பதால் எம்சி, கடிதம் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

9. மற்றத் தொற்றுகள், சுருக்கமாக

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசி வாந்திக்கும் கடைசிக் கழிச்சலுக்கும் பிறகு 48 மணி நேரம் வீட்டில் வைப்பதே பாதுகாப்பு. சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்ட வேண்டும். பொதுவாகப் புள்ளி தோன்றியதிலிருந்து ஐந்தாறு நாள். தட்டம்மையில் தடிப்பு தோன்றியதிலிருந்து நான்கு நாள் முழுதாகக் கழிய வேண்டும். சளிக்காய்ச்சலில் மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சலற்று இருக்க வேண்டும். இருமல் இன்னும் ஓரிரு வாரம் இழுக்கும், அதற்காக மட்டும் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கண் சிவந்து பீளை தள்ளினால், பீளை நின்று மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு அனுப்புங்கள். சிவப்பு சற்று மிச்சமிருந்தாலும் பள்ளி வாசலில் கேட்பார்கள், அப்போது காட்ட அந்தக் குறிப்பு பையில் இருக்கட்டும்.